பேனர் திரும்பிய வாரம்

போன வாரம் எங்கள் காலேஜ் கேட்டில் பேனரைத் திருப்பிக் கட்டினார்கள். அது ஏன் திரும்பியிருந்தது என்று சொல்கிறேன்.

நான் கேட்டில் நிற்கிறவன். வாட்ச்மேன். வண்டிகள் உள்ளே போகும், வெளியே வரும். நடுவில் நான்.

ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடாதே என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். சரி என்றேன். அன்றிலிருந்து எல்லார் தலையிலும் ஹெல்மெட். எங்கே? கேட்டில்.

வழியெல்லாம் அது முழங்கையில் தொங்கும். இல்லையென்றால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம் கட்டி, தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வருவார்கள். ஹெல்மெட் இல்லாதவன் காம்பவுண்டு சுவரோரம் நிற்பான். முதலில் உள்ளே போனவன் சுவருக்கு மேலே தூக்கிப் போடுவான். ஒரே ஹெல்மெட் நாலு தலை பார்க்கும்.

நான் என்ன செய்ய? கேட்டில் தலையில் இருக்கிறதா? இருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் பேனர் வந்தது.

வாசகம் எழுதியது தமிழ் மேடம். முதலில் எட்டு வரி எழுதிக்கொண்டு வந்தார். குடும்பம், கண்ணீர், எமன்... எல்லாம் இருந்தது. என் பக்கத்தில் நின்று வண்டிகள் போவதைப் பார்த்தார். ஒருத்தன் கேட்டைத் தாண்டுகிற நேரத்துக்குள் எத்தனை வரி படிப்பான் என்று கேட்டார். ஒன்று, ரெண்டு என்றேன். எட்டு வரியும் போய் ரெண்டு வரி ஆனது.

*தலையில் வைத்தால் போதாது!*
*தாடையில் பூட்டாமல் உதவாது!*

வரிக்கு மூணு வார்த்தை. முதலில் 'த', 'தா'. அது மோனையாம். முடிவில் ரெண்டும் ஒரே ஓசை. அது இயைபாம். ரெண்டும் சேர்ந்தால் கண் ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் நாக்கு தானாகச் சொல்லும் என்றார். பெல்ட் பூட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும், தலை பின்னால் தனியாக வரும்... அதனால்தான் ரெண்டாவது வரி என்றார்.

செலவு ஒரு சொல்தா ஐயாவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பென்ஷன் அங்கேயிருந்து வருகிறது. அவர் போட்டோ பேனரில் பாதி. மார்பில் மெடல், தலையில் தொப்பி. ஹெல்மெட் பேனரில் தொப்பியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் வாசகம்.

கேட்டுக்கு மேலே ரெண்டு தூணுக்கு நடுவில், ரோட்டைப் பார்த்துக் கட்டினார்கள். வருகிறவர்கள் படித்தார்கள். ஏற்கெனவே கேட்டுக்கு வந்துவிட்டவர்கள். வழியெல்லாம் வெறும் தலையாக வந்தவர்கள்.

இவர்களில் ஒரு ஆளை நான் தினம் கவனித்துக்கொண்டிருந்தேன். செல்வி. வைத்திக்குப்பம் பெண். ரெண்டாம் வருஷம். ஸ்கூட்டி. அவள் அப்பா பைக்கில் போய்த் திரும்பி வரவில்லை. ஹெல்மெட் அன்றைக்கு வீட்டு ஆணியில் தொங்கியது. அம்மா எங்கள் தெருமுனையில் மீன் விற்கிறது. கூடையை இறக்கியதும் முதல் கேள்வி எனக்குத்தான்.

"அண்ணே, இன்னிக்குப் போட்டுருந்தாளா?"

"போட்டுருந்துச்சு."

பொய் இல்லை. கேட்டில் போட்டிருந்தாள். திரும்பிப் போகும்போது முழங்கையில் மாட்டியிருந்தாள். அதை அந்த அம்மா கேட்கவில்லை.

செல்வியிடம் ஒருநாள் சொன்னேன். உங்கம்மா கேக்குது என்று. "முடி கலைஞ்சிடும்ணா. உள்ள வரும்போது போடுறேன்ல?" என்றது.

அப்புறம் ஒருநாள் கடல் காத்து. பேனர் சட்டத்தோடு கீழே வந்துவிட்டது. கிழியவில்லை. கட்டுகிற ஆட்கள் மத்தியானம் வந்தார்கள். சட்டம் உள்பக்கச் சுவரில் சாய்ந்திருந்தது. எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே தூக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ரோட்டுப் பக்கம் வெள்ளை. வாசகமும் சொல்தா ஐயாவும் உள்பக்கம்.

யாரும் கவனிக்கவில்லை. பிரின்சிபால் காரில் வருவார், காரில் போவார். மேலே பார்ப்பதில்லை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வண்டி எடுத்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். காலேஜ் விடுகிற நேரம் கேட்டில் நெரிசல். ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும். எதிரே அந்த ரெண்டு வரி. வேறு வேலை? படித்தார்கள். மறுநாளும் படித்தார்கள். ரெண்டு நாளில் பாட்டாகிவிட்டது. சீட்டில் தாளம் போட்டார்கள். கேண்டீனில் ஒருத்தன் மாற்றிக் கட்டினான்...

*ஃபீசைக் கட்டினால் போதாது! பேப்பரை எழுதாமல் உதவாது!*

மேடம் காதில் விழுந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கேலி செய்கிறார்கள் என்றால் மனப்பாடம் ஆகிவிட்டது என்று அர்த்தம் என்றார். சந்தோஷமாகத்தான் போனார்.

அந்த வாரம் புதிதாக ஒரு சத்தம் கேட்டேன். கிளிக். தாடைக்குக் கீழே பெல்ட் பூட்டுகிற சத்தம். நெரிசலில் அங்கொன்றும் இங்கொன்றும். வாய் வாசகத்தைச் சொல்லும், கை அதுபாட்டுக்குத் தாடைக்குப் போகும். வீட்டுக்குக் கிளம்புகிறவன் கை. அதுதானே வேண்டும்?

செல்வி முதல் நாள் படித்துவிட்டுச் சிரித்தது. ஹெல்மெட் முழங்கையில்தான். ரெண்டாம் நாளும் அப்படியே. அப்புறம் ஒரு சாயங்காலம் நெரிசலில் நின்றபடி, உதட்டில் அந்தப் பாட்டு, தலையில் மாட்டியது. கிளிக். என்னைப் பார்க்காமல் போனது.

அடுத்த நாள் செல்வி வரவில்லை. தெருமுனையில் மீனும் வரவில்லை.

கேட்டைத் திறந்தேன். மூடினேன். அந்த நாள் நீளமாக இருந்தது.

மறுநாள் கூடை வந்தது. நானே போனேன்.

"முந்தாநேத்து சாயங்காலம் காலேஜ் விட்டு வரும்போது, முன்னாடி போன மீன் வண்டியில ஐஸ் தண்ணி ஒழுகியிருக்குண்ணே. சறுக்கி விட்டுடுச்சு. தலை போய் ரோட்டுல அடிச்சிருக்கு. ஹெல்மெட்டு ரெண்டா வெடிச்சுப் போச்சு" என்றது.

செல்வி எப்படி இருக்கு என்றேன்.

"கைதான் ஒடிஞ்சிருக்கு. தலையில ஒண்ணுமில்ல. நீ தினம் சொல்லுவியே போட்டுருக்கான்னு... நெஜந்தான்ணே."

தலையை ஆட்டினேன். கேட்டுக்குத் திரும்பி வந்தேன்.

சொல்தா ஐயா போன வாரம் வந்தார். ரோட்டில் நின்று மேலே பார்த்தார். வெள்ளை.

"என் மூஞ்சி எங்க?" என்றார்.

உள்ளே இருக்கு என்றேன். அவர் பிரின்சிபாலிடம் போனார். பிரின்சிபால் முதல் தடவையாக மேலே பார்த்தார். உடனே திருப்பு என்றார். கட்டுகிற ஆட்கள் வந்து சட்டத்தை இறக்கினார்கள்.

வெள்ளைப் பக்கம் மேலே தெரியத் தரையில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து செல்வி வந்தது. தோழி வண்டியில், பின்சீட்டில். புது ஹெல்மெட், பூட்டியிருந்தது. வலது கையில் மாவுக்கட்டு. நடந்ததைக் கேட்டது. தமிழ் மேடத்திடம் போய் ஒரு தடித்த மார்க்கர் வாங்கி வந்தது. பேனர் பக்கத்தில் மண்டி போட்டது.

அதே ரெண்டு வரியை இடது கையால் எழுதியது. எழுத்து கோணல். 'தா'வுக்குக் கால் நீண்டுவிட்டது. கட்டுகிறவர்கள் அவசரப்படுத்தவில்லை. சொல்தா ஐயா குனிந்து பேனரின் மூலை பறக்காமல் பிடித்துக்கொண்டார். ஏன் எழுதுகிறாய் என்று கேட்டார். விழுந்த கதையைச் சொன்னது. அவர் அதற்கப்புறம் மூஞ்சியைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது ரோட்டுப் பக்கம் அவர் இருக்கிறார். மெடலோடு. வருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு உள்பக்கம். அங்கே யார் போட்டோவும் இல்லை. அதனால் எழுத்து பெரிசு.