ஒத்தி வீட்டில் நின்ற மின்சாரக் கார்

அக்கா வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் தேனியில். அவள் மகளும் அங்கேதான் படிக்கிறாள். போடியிலிருந்து போய்வர முப்பது கிலோமீட்டர். பல வருடம் பஸ்சில்தான் போனார்கள். ஒரு மழைநாளில் பஸ் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அக்காவுக்கு இடது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. அதன்பிறகுதான் வீட்டில் கார் பேச்சு வந்தது.

நான் அப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன், சாயங்காலம் இறக்கிவிடுவேன். அதற்கு முன்பு திருப்பூரில் சாயப்பட்டறை, கோழிக்கோட்டில் மீன் லாரி, பெயர் மறந்துபோன ஊர்களில் இன்னும் என்னென்னவோ. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆனாலும் வண்டி என்றால் என்னைக் கேட்பார்கள்.

மாமா ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் காய் தரம் பிரிக்கிற இடத்தில் மேற்பார்வை. எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"மாப்ளே, உங்கக்காவுக்குக் கிளட்ச் மிதிக்க முடியாது. கரண்டு வண்டில கிளட்சே கிடையாது. அதையே எடுத்துருவோம்" என்றார்.

"பெட்ரோல்லயும் கிளட்ச் இல்லாத சின்ன வண்டி இருக்கு மாமா."

"அதுக்கு மாசம் நாப்பது லிட்டருக்கு மேல ஊத்தணுமே, ஒங்கப்பாவா வந்து ஊத்துவாரு?"

"எங்கப்பா இருந்தா மொதல்ல ஒங்களத்தான் மலையேத்தி விட்டுருப்பாரு."

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மாமா விடவில்லை. மின்சாரக் காருக்குக் கையிலிருந்து போடும் பணம் கூடுதல், மாதத் தவணையும் கூடுதல். ஆனால் வீட்டுக் கரண்டில் ஏற்றினால் ஓட்டுகிற செலவு பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆயில் மாற்றவேண்டியதில்லை. மிச்சமாகிற பெட்ரோல் காசே கூடுதல் தவணையைக் கட்டிவிடும், எட்டு வருடத்தில் பெட்ரோல் வண்டியைவிட இதுதான் மலிவு என்றார். அந்தக் கணக்கில் தப்பு இல்லை. இன்று வரைக்கும் நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர்கள் இருந்தது ஒத்தி வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. எங்கள் பக்கத்தில் ஒத்திக்கு வந்தவர்கள் சுவரில் ஆணி அடிப்பார்கள், முருங்கை நடுவார்கள். மூன்று வருடம் என்று பத்திரம் எழுதினாலும், முடிந்ததும் வாய்ப்பேச்சில் நீண்டுகொண்டே போகும். அந்த வீட்டில் முன்பக்கம் கார் நிற்க ஒரு கொட்டகை இருந்தது. வீட்டுக்காரர் அனுமதியோடு மாமா மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் குழி தோண்டி, பெரிய பிளக் மாட்டினார். எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்குக் காட்டி நின்றுவிடும். முதல் நாள் அப்படித்தான் நின்றது. குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு பச்சை வந்தது.

எட்டு வருடக் கணக்கை மூன்று வருடப் பத்திரத்தின் மேல் போட்டிருக்கிறோம் என்று மாமாவுக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை. பாதி நாள் ஜீப்பிலேயே படுத்துத் தூங்குகிற எனக்கு எங்கே தோன்றும்.

அக்கா ஒரே மாதத்தில் ஓட்டப் பழகினாள். வலது கால் மட்டும் போதும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பள்ளிக்கூட வாரம் முழுக்க வரும். இரண்டு மாத பில்லில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் விலை ஏறுமென்று மாமா வீட்டில் ஏசியைப் போடவிடமாட்டார். "காருக்குச் சோறு, நமக்குப் பட்டினியா?" என்று மகள் கத்துவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகவே போடிமெட்டு மலை ஏறி, மேலே ஜீப்போடு காத்திருந்த என்னைப் பார்க்க வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சார்ஜ் கரைந்ததாம். அதைப் பற்றிக் கவலையே இல்லை. கீழே போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள்.

"டேய், எறக்கத்துல கரண்டு தானா ஏறுதுடா! உன் ஜீப்பு ஏறுமா?"

அவள் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை.

மூன்று வருடம் முடிந்து சில மாதங்கள்தான் போயிருக்கும். வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். தன் மகள் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறாள், வீடு வேண்டும் என்றார். தொகையை முழுசாகக் கொண்டுவந்து வைத்தார்.

"வயர் இழுத்த செலவையும் தந்துர்றேன் தம்பி" என்றார்.

"அது எதுக்குண்ணே" என்று மாமா மறுத்துவிட்டார்.

அதற்குள் ஒத்தித் தொகைகள் ஏறிவிட்டன. அதே பணத்துக்குக் கார் நிற்கிற வீடு கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு சந்துக்குள். பைக் நுழையும், கார் நுழையாது. காரைத் தெருமுனையில் ஒரு காலி மனையில் நிறுத்தினார்கள். அந்த மனைக்குப் பக்கத்து வீட்டில் கரண்டு கேட்டோம். "பேட்டரி வெடிச்சா யாருப்பா பதில் சொல்றது?" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். தனி மீட்டர் கேட்கலாமென்றால் மனைக்காரர் சம்மதம் வேண்டும். அவர் வெளியூரில், மனையை விற்கிற யோசனையில் இருந்தார். பள்ளிக்கூடத்திலும் அக்கா கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு தேனிப் பாதையில் ஒரு ஓட்டல் வாசலில் இருக்கிற வேகச் சார்ஜரில் ஏற்றினாள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். அங்கே யூனிட் விலை வீட்டைவிடப் பல மடங்கு. பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் தவணையைக் கட்டிக்கொடுத்த மிச்சம் காணாமல் போனது. சில வாரம் மெஷின் வேலை செய்யாது. அப்படி ஒரு சாயங்காலம் திரை கறுப்பாக நிற்க, அக்கா மகளோடு காருக்குள் உட்கார்ந்தபடி மாமாவுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஊர் வந்து சேர்கிற அளவுக்குச் சார்ஜ் இருந்தது. மறுநாள் போகிற அளவுக்கு இல்லை.

மாமா விற்றுவிட முடிவு செய்தார். வாங்க வந்த ஆட்கள் எல்லோரும் பேட்டரியைத்தான் கேட்டார்கள். மாற்றவேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, அதனால் விலையைப் பாதியாகப் பேசினார்கள். கடைசியில் கம்பம் ஊரிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார். சொந்த வீடு, சொந்தக் கொட்டகை. அக்காதான் அவருக்குப் பிளக் மாட்டக் காட்டிக்கொடுத்தாள். "எர்த் மட்டும் ஒழுங்காப் போட்டுக்கங்கண்ணே" என்றாள்.

வங்கிக் கடனை அடைத்தது போக மிஞ்சியதில் ஒரு பழைய பெட்ரோல் வண்டிதான் முடிந்தது. காலி மனையில் நிற்கும், எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் ஊற்றிக்கொள்ளும், போடியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கழற்றி மாட்டுவார்கள். கிளட்ச் உள்ள வண்டி. கிளட்ச் இல்லாதது அந்த விலைக்கு இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. முதலிலேயே கிளட்ச் இல்லாத பெட்ரோல் வண்டியை எடுத்திருந்தால், எந்தச் சந்துக்குக் குடிபோனாலும் அவள் ஓட்டிக்கொண்டிருப்பாள். நான் அன்று சொன்னது சரிதான் என்று மாமாவே ஒருநாள் சொன்னார். எனக்கு அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

ஒரு தடவை அக்காவைச் சிலமலைப் பக்கம் ஆளில்லாத ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தேன். கிளட்சைப் பாதி மிதித்தாள். முகம் சுருங்கியது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி மிதித்தாள்.

"விடுக்கா."

"இன்னொரு வாட்டிடா."

இன்னொரு வாட்டியும் பார்த்தாள். பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, காலைத் தேய்த்தபடி அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

இப்போது காலையில் மாமா கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். கார் அதே முப்பது கிலோமீட்டர் ஓடுகிறது, பாதித் தூரம் அவர் ஒருவருக்காக. சாயங்காலம் அக்காவும் மகளும் பஸ்சில் வருகிறார்கள். தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு நிற்கும்போது சில நாள் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். மகள் இரண்டு பையையும் வாங்கிக்கொண்டு முதலில் குதிப்பாள். அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, மடங்காத காலை முதலில் கீழே வைத்து இறங்குவாள். பின்னால் இருக்கிறவர்கள் "வெரசா எறங்கும்மா" என்பார்கள். நான் ஜீப்பை விட்டுப் போய்க் கை கொடுக்கலாம். அவளுக்கு அது பிடிக்காது என்று தெரியும். இறங்கி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பேன்.