ஜப்பான், சப்பான், யப்பான்

போர்ட் பிளேரில் என் கணவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. எனக்குப் பகலெல்லாம் வேலை இல்லை. சும்மா இருக்கும் பெண்பிள்ளை கண்ணில் பட்டால் தமிழ்ச் சங்கத்துக்காரர்களுக்குப் பொறுக்காது. அபர்டீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை மாடியிலிருந்த தமிழ் வாசகசாலையின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு என்றார்கள். அதுவும் ஆண்டு விழா அன்றைக்கு மட்டும்தான் வந்தது.

வாசகசாலையை அதுவரை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர், மதுரைப் பக்கம். ஜ, ஷ, ஸ, ஹ என்ற எழுத்துகளைக் கண்டால் செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். புத்தகத் தலைப்புகளை அட்டைகளில் எழுதி இழுப்பறையில் அடுக்கியது அவர். பொருளாளர் கீழே ஜவுளிக்கடைக்காரர். புத்தகங்களை அலமாரியில் அகர வரிசைப்படி அடுக்கியது அவர். மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று ஒரு விழாவில் தகராறாகி, இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நான் வந்தபோது அந்தக் கோபத்துக்கு நன்றாக வயதாகியிருந்தது.

ஒருநாள் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர் படியேறி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இந்தி கலந்த தமிழ் பேசுவார், படிக்க வராது.

“மேடம்ஜி, ஜப்பான்காரனுங்களைப் பத்தி கிதாப் ஏதாச்சும் இருக்கா?”

“எதுக்கு?”

“எங்க அக்காவுக்கு. ஜப்பான் டைம்ல, சண்டையப்போ அவனுங்க இந்தத் தீவைப் பிடிச்சிருந்தப்போ, நம்ம வீட்டு ஆங்கன்ல, முற்றத்துல, சிப்பாய்ங்க தங்கியிருந்தானுங்க. அக்காதான் ஜபர்தஸ்தியா சமைச்சுப் போடணும். மரவள்ளிக் கிழங்கு, வேற என்ன இருந்துச்சு? அதுல ஒருத்தன் தட்டை வாங்குனதும் கையைக் கும்பிட்டு என்னமோ முணுமுணுப்பான். ‘இதாதகிமாஸ்’னு. வெறும் கிழங்கைப் போட்டதுக்குச் சாபம் விடறான்னு அக்கா நினைச்சுச்சு. அதுக்கப்புறம் குழந்தை நிக்கல. அவன் பத்துவாதான், அவன் விட்ட சாபம்தான்னு இன்னிவரைக்கும் சொல்லுது. நாளைக்கு ஜஹாஜ்ல மெயின்லேண்ட் போகுது, ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் ஒண்ணும் சரியாச் சொல்லல. இதை மனசுல வச்சுக்கிட்டுக் கப்பல் ஏற வேணாம், மேடம்ஜி.”

இழுப்பறையைத் திறந்தேன். ‘ஜ’ என்று ஓர் அட்டையும் இல்லை. செயலாளரின் ஆட்சியில் எப்படி இருக்கும்? ‘ச’வில் தேடினேன். ‘சப்பான்’ என்று தொடங்கும் அட்டைகள் இரண்டு. இரண்டின் மேலும் சிவப்பு மையில் ‘காணவில்லை’.

அந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த செயலாளரைக் கேட்டேன். “திருட்டுப் போயிருச்சும்மா” என்றார். “இந்த ஊர்ல தமிழ்ப் புத்தகத்தையும் விட்டு வைக்க மாட்டேங்கிறாய்ங்க.”

சிவப்பு மை அட்டைகளை வெளியே எடுத்துப் போட்டேன். சாதகம், சோதிடம், சீவா, அனுமான் என்று வந்தன. அதென்ன, இந்தத் திருடனுக்கு ஜாதகமும் ஜப்பானும் மட்டும்தான் பிடிக்குமா? எனக்குச் சுருக்கென்று உறைத்தது. ஜன்னலோரத்துக் கடைசி அலமாரிக்குப் போனேன். ‘ன’வுக்கும் அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ என்று மேலட்டையில் அச்சாகியிருந்தபடியே பொருளாளர் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். திருடு போனதெல்லாம் அங்கே சுகமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. ஒருவர் அட்டையைத் திருத்திவிட்டுத் திருத்திய எழுத்தின் அலமாரியில் தேடினார், மற்றவர் புத்தகத்தில் இருந்ததை நம்பி அடுக்கினார். இருவரும் ஒரு டீ சேர்ந்து குடித்திருந்தால் போதும், பாதி நூலகம் திரும்பி வந்திருக்கும். இதை நான் சத்தமாகவே சொன்னேன். செயலாளர் சட்டைப் பொத்தானை ஆராய்ந்தார்.

ஜப்பான் புத்தகங்கள் இரண்டையும் நின்றபடியே புரட்டினேன். ஒன்றில் முழுக்க முழுக்கத் தொழிற்சாலை. இன்னொன்றில் போர்க் கப்பல்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. டீக்கடைக்காரரின் முகம் விழுந்துவிட்டது. “ரஹ்னே தீஜியே, விடுங்க மேடம்ஜி” என்று படியிறங்கப் போனார்.

“உட்காருங்க” என்று அதட்டினேன். ஏன் அதட்டினேன் என்று தெரியவில்லை, பாவம், உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டு டிரான்சிஸ்டரை அந்த அம்மாள் ‘யப்பான் ரேடியோ’ என்பாள். அங்கே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம். வாசகசாலைக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் தந்ததும் அவர்கள்தான். அது நினைவுக்கு வந்ததும் ‘ய’ இழுப்பறையை இழுத்தேன். ‘யப்பானில் என் நாட்கள்’ என்று அட்டை இருந்தது. சிவப்பு மை இல்லை.

“இதை ஏன் ஐயா திருத்தல?”

“ய தமிழ் எழுத்துத்தானேம்மா” என்றார் செயலாளர். வடவெழுத்து இல்லாததால் அவர் கண்ணில் அது படவே இல்லை. ‘ய’ அலமாரியில் புத்தகம் தன் இடத்தில் சமர்த்தாக இருந்தது. சாப்பாட்டுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. படித்ததும் டீக்கடைக்காரரிடம், “ஓடிப் போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

அவர் போன நேரத்தில் நான் செயலாளரைப் பிடித்துக்கொண்டேன். ஒரே நாட்டைப் பற்றி மூன்று புத்தகம்: இரண்டு ஜ அலமாரியில், அவற்றின் அட்டை ச இழுப்பறையில், மூன்றாவது ய-வில். வருகிறவர் எந்த மூலைக்குப் போவார்? தலைப்பைப் புத்தகத்தில் அச்சானபடியே அட்டையில் எழுத வேண்டும், அது ஆசிரியர் வைத்த பெயர், திருத்த நாம் யார் என்றேன். மூன்றையும் சேர்த்து வைக்கப் பொருள் தலைப்பு ஒன்று வேண்டும், அது உங்கள் இஷ்டம், சப்பான் என்றே இருக்கட்டும். ஆனால் ஜ-விலும் ய-விலும் தலா ஓர் அட்டை போட்டு, ‘சப்பான் காண்க’ என்று வழி காட்டவேண்டும். அட்டையின் அடியில் எழுதும் குறிப்பிலும் மூன்று எழுத்துமுறையும் இருக்கட்டும்.

“என் இழுப்பறையில ஜ-வா?” என்றார்.

“அந்த அம்மா நாளைக்குக் கப்பல் ஏறுறாங்க ஐயா.”

அவர் பேனாவை என்னிடம் நீட்டி, “நீயே எழுதும்மா. என் கை வராது” என்றார். கடைசிவரை ஜ அட்டைகள் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தன.

அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மெலிந்த உடம்பு, கையில் மஞ்சள் பை. நாற்காலியில் உட்கார வைத்து, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஜப்பானியர் சாப்பிடும் முன் கைகூப்பி ‘இதாதகிமாஸ்’ என்பார்கள். இந்த உணவைப் பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். உணவுக்கும் சமைத்தவருக்கும் சொல்லும் நன்றி அது. நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சாமி கும்பிடச் சொல்லிக்கொடுப்பதுபோல அங்கே இதைச் சின்ன வயதிலிருந்தே பழக்குகிறார்கள்.

“திருப்பிப் படிம்மா” என்றார். படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அக்கா தன் கைகளை விரித்துப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“அடப்பாவி. ஆத்திரத்துல அவனுக்கு மட்டும் தினமும் ஒரு துண்டு கிழங்கு கொறைச்சுல்லடா போட்டேன்.”