தின்னாமல் விற்ற பப்ஸ்

தங்கை வீட்டுக்காரருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேனியில் அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் அவர் அறை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் சாய்தளம் வழியாக ஏற்றிவிட்டார்கள். நான் படியேறினேன், முப்பத்தெட்டுப் படி. எழுபத்து நாலு வயதில் அதை இறங்கவும் வேண்டுமே என்ற கவலை ஏறும்போதே வந்துவிட்டது.

ஆலோசகர் முப்பது வயதுப் பெண். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை இதற்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். நெய்யைத் தொட்டு ஆறு வருடம். தேங்காய் எண்ணெய் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. கறி மாதத்துக்கு ஒரு தரம். முட்டையில் மஞ்சள் கருவை எடுத்து வைத்துவிடுவார். பீடி, சிகரெட் எந்தக் காலத்திலும் கிடையாது. இவ்வளவுக்கும் பிறகு தனக்கு ஏன் வந்தது என்று, ஏதோ கணக்குத் தப்பாகிவிட்ட மாதிரி, அந்தப் பெண்ணையே கேட்டார்.

என்ன தொழில் என்று ஆலோசகர் கேட்டார்.

பேக்கரி. காமயகவுண்டன்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில், இருபத்தாறு வருடமாக. திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாருக்கும் அந்தக் கடைப் பப்ஸ் தெரியும். தினமும் ஐந்து தட்டு போடுவார், தட்டுக்கு நாற்பது. ஓரம் உடைந்ததை விற்க முடியாது. அதை மாப்பிள்ளை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் இரண்டு. இதை அவர் சாப்பாட்டில் சேர்க்கவே இல்லை. கேட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

என்ன கொழுப்புப் போடுகிறீர்கள் என்றதற்கு, "சைவக் கொழுப்புத்தான்மா. மிருகக் கொழுப்பு ஒரு சொட்டுக் கிடையாது. பெட்டியிலயே கொலஸ்ட்ரால் இல்லைன்னு போட்டிருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடையில் இருக்கும் மாஸ்டருக்கு ஃபோன் போட்டுப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். ஆலோசகர் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார். என் கண்ணாடிக்கு அது எட்டவில்லை, அவரே படித்தார். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்.

நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது கெட்டிப்படும் என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. எண்ணெயின் மூலக்கூறு இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வளைந்திருக்கும். வளைந்தவை நெருங்கி அடுக்க முடியாது, அதனால்தான் எண்ணெய் ஓடுகிறது. ஹைட்ரஜன் ஏறினால் பிணைப்பு நிரம்பி மூலக்கூறு நேராகிவிடும், அடுக்கிக்கொள்ளும், கெட்டியாகும். முழுவதும் ஏற்றினால் மெழுகு மாதிரி ஆகிவிடும், அதில் ட்ரான்ஸ் கொழுப்பு அநேகமாக இருக்காது. ஆனால் மெழுகை மாவில் தேய்க்க முடியாது. அதனால் பாதியில் நிறுத்துவார்கள். அந்தப் பாதியில்தான் கோளாறு. நிரம்பாமல் மிஞ்சிய பிணைப்புகளில் ஒரு பங்கு அந்தச் சூட்டிலேயே பக்கம் மாறிப் புரண்டுவிடும். இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கும், வளைவு மட்டும் போய்விடும். அதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. ஐந்து மதிப்பெண்ணுக்குள் அது வரவில்லை.

இதை நான் அங்கே சொல்ல ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். "மச்சான், அது வளைஞ்சா என்ன, நிமிந்தா என்ன? எனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் நார்மல். நீங்களே பாத்தீயல்ல?"

பார்த்தேன்தான். ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனைத் தாளில் மேலே இருக்கும் மொத்தத்தை மட்டும் அவர் பார்ப்பார். ஆலோசகர் அந்தத் தாளை வாங்கி, கீழே இருந்த இரண்டு வரிகளில் விரல் வைத்தார். கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. நல்ல கொலஸ்ட்ரால் இருக்கவேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் மொத்தம் ஒழுங்காகத் தெரிந்தது.

நெய்யையும் வெண்ணெயையும் நான் நல்லது என்று சொல்லவில்லை, என்றார் ஆலோசகர். அவையும் கெட்டதைக் கூட்டும். ஆனால் கூடவே நல்லதையும் கொஞ்சம் கூட்டும். இந்தக் கொழுப்பு கெட்டதைக் கூட்டுவதோடு நல்லதைக் குறைக்கவும் செய்யும். குழாய்ச் சுவரில் கொண்டுபோய்ப் படிய வைப்பது ஒன்று, அங்கிருந்து ஈரலுக்குத் திருப்பி எடுத்து வருவது இன்னொன்று. படிவது கூடி எடுப்பது குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். போதாததற்கு, குழாயின் உள்பக்கத் தோலையும் இது வீங்க வைக்கும். அதனால்தான் மற்றக் கொழுப்பைவிட இது கொஞ்சம் போனாலே ஆபத்து அதிகம். உங்களுக்கு இதனால் மட்டும்தான் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, சர்க்கரை இருக்கிறது, வயது இருக்கிறது. ஆனால் இதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அவர் நிறுத்திவிட்டார். அதுவரை எல்லாம் சரி. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, இனிமேல் பப்ஸ் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்றார். பத்து நாள் கழித்துக் கடைக்குப் போனார். உடைந்த ஓரங்களை மாஸ்டர் தட்டில் வைத்து நீட்டியதும் தள்ளி வைத்தார். நல்ல பப்ஸை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கச் சொன்னார்.

கல்லாவில் உட்காருவது என் தங்கை. அன்றைக்கு நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நாலு பேர் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். அவர்கள் போனதும் தங்கை சில்லறைப் பெட்டியை மூடினாள்.

"ஒங்க நெஞ்சுக்கு ஆகாதது, அவுக நெஞ்சுக்கு மட்டும் ஆகுமா?"

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். ஒரு பப்ஸில் யாரும் செத்துப்போக மாட்டார்கள், தான் தினம் ஐந்து தின்றவன், அது வேறு கணக்கு என்றார். அவள் கணக்குக் கேட்கவில்லை. தினமும் வருகிறவர்களின் முகம் தனக்குத் தெரியும் என்றாள். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டில் சமைத்தாள், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், மற்றபடி பேசினாள். கடைக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள்.

என்னைச் சமாதானத்துக்கு அனுப்பினார் மாப்பிள்ளை. "நான் சண்டை போடலண்ணே" என்றாள் தங்கை. "அங்கன ஒக்காந்து அதை எடுத்துக் குடுக்க எனக்குக் கை வரல. அவ்வளவுதான்." நான் திரும்பி வந்தேன். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே முழங்கால் வலியோடு நடப்பதைத் தவிர நான் அந்த வாரம் வேறு எதுவும் சாதிக்கவில்லை.

கடைசியில் மாஸ்டர்தான் வேறு கொழுப்புப் போட்டுப் பார்ப்போம் என்றார். வெண்ணெய் என்றால் விலை கட்டாது. மதுரையிலிருந்து ஹைட்ரஜன் ஏற்றாத பாமாயில் மார்ஜரின் ஒரு பெட்டி வரவழைத்தோம். ஆலோசகரிடம் ஃபோனில் கேட்டேன். அதிலும் கெட்டிக் கொழுப்பு இருக்கிறது, மாப்பிள்ளை அதையும் தொடவேண்டாம், ஆனால் பழையதற்கு இது தேவலை என்றார். தேவலை என்ற சொல்லோடு எழுபது வயதுக்கு மேல் வாழப் பழகிவிட்டேன்.

பப்ஸ் எளிதாகத் தோன்றும் சாமான். மாவுக்குள் கொழுப்பை வைத்து மடித்துத் தேய்த்து, மறுபடி மடித்துத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். அடுப்பில் மாவின் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கும். அதற்குக் கொழுப்பு மாவுக்குள் உருகாமல் தனித்தகடாக நிற்கவேண்டும். பழைய பெட்டிக் கொழுப்பு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் நின்றது. புதியது நிற்கவில்லை. முதல் தட்டில் எண்ணெய் வழிந்து அடி பொரிந்துவிட்டது. இரண்டாவது தட்டு சப்பாத்தி மாதிரி படுத்துவிட்டது. மாவை ஃப்ரிட்ஜில் வைத்து ஆறவிட்டு, மடிப்பைக் குறைத்து, ஒரு வாரம் பாடுபட்ட பிறகு பழையதில் முக்கால் உயரம் எழும்பியது. பெட்டிக்கு விலையும் கூட.

மாப்பிள்ளை அந்த முக்கால் பப்ஸைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தின்னமுடியாது. தன் கடைச் சரக்கு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இனி வேறொருவர் வாய்தான்.

"நல்லா இருக்கா மச்சான்?"

"பழைய மாதிரி இல்லை" என்றேன்.

"பொய் சொல்லத் தெரியாத வாத்தியாரைக் கட்டிக்கிட்டு அழுறேன்" என்று முணுமுணுத்தார். பிறகு மீதியிருந்த பழைய பெட்டிகளை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பாதி திறந்த பெட்டியை ஏஜென்ட் வாங்கமாட்டார். அதை என்ன செய்வது என்று மாஸ்டர் கேட்டார். குழி தோண்டச் சொன்னார் மாப்பிள்ளை.

தங்கை மறுநாள் வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். வியாபாரம் இறங்கியது. தெருமுனைக் கடையில் பப்ஸ் பழையபடி மொறுமொறுவென்று இருந்ததால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே போனார்கள். அரசாங்கம் இந்தக் கொழுப்புக்கான வரம்பை இன்னும் இறக்கிய பிறகு அந்தக் கடைக்கும் வேறு பெட்டி வந்தது. ஆனால் போன பிள்ளைகள் அந்தப் பக்கமே பழகிவிட்டார்கள். மாப்பிள்ளை ஐந்து தட்டை மூன்றாக்கினார், பிறகு இரண்டாக்கினார். பன்னும் ரஸ்க்கும் கூட்டினார்.

அவருடைய நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. மாத்திரையாலா, நடையாலா, பப்ஸை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இப்போது தாளில் மூன்று வரியையும் படிக்கிறார்.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது, தோட்டத்துக்குப் போகும் பெண்களில் ஒருவர் பப்ஸைக் கடித்துவிட்டுத் தங்கையிடம், "முன்ன மாதிரி இல்லையே, ஆத்தா. நொறுங்கவே மாட்டேங்குது" என்றார்.

தங்கை "ஆமா, அது அப்படித்தான்" என்று சொல்லி மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். அந்தப் பெண் மிச்சத்தையும் தின்றுவிட்டு, டவுன் பஸ் வந்ததும் ஏறிப் போனார்.