தறிக்குழியில் பத்து நாள்

கல்யாண வீடியோ எடுக்கிறவளிடம் நாயைப் பற்றி வீடியோ கேட்டால், நாய்க்கும் மாலை போட்டுத்தான் எடுப்பாள். நானும் அதைத்தான் செய்தேன். தெருநாயை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று ஊரில் சிலர் மூன்று நிமிட வீடியோ கேட்டார்கள். "அன்பு காட்டினால் போதும், அன்றே அது உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று எழுதி எடுத்துக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். மூன்று மாதத்துக்கு முன் தெருவிலிருந்து ரோசி என்ற நாயைக் கொண்டுவந்தவர் அவர்.

முதல் வரியைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாய் வளக்காதவங்க எழுதுனதாம்மா இது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேமராவை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

தூக்கிவந்த அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறார். எடை பார்த்து, உண்ணிக்கு மருந்தும் பூச்சி மாத்திரையும் கொடுத்த டாக்டர், "ரொம்ப மெலிஞ்சிருக்குது. உடம்பு தேறட்டும், அடுத்த வாரம் தடுப்பூசி போடலாம்" என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த ரோசி நேரே தறிக்குழிக்குள் இறங்கிவிட்டது. நெய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற குழி அது. இருட்டாக இருந்ததால் அதற்குப் பிடித்துவிட்டது. ஆள் நகர்ந்தால்தான் சாப்பிட்டது. அங்கேயே மூத்திரம் பெய்தது. தறியிலோ முகூர்த்தப் புடவை. ஐந்து நாள் தறி ஓடவில்லை.

ஆறாம் நாள் சம்பூர்ணம் பொறுமையிழந்து, குனிந்து முன்னங்காலைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டில் பல் ஆழமாக இறங்கிவிட்டது.

மஞ்சளை அப்பு, சுண்ணாம்பைத் தடவு என்று பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவர் ஒன்றையும் காதில் வாங்காமல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, கையில் ஊசி. மீதி ஊசிகளுக்குத் தேதி எழுதிக் கொடுத்த டாக்டர், நாய் எங்கே என்று கேட்டார்.

"காலைல பாலாத்தங்கரைல வுட்டுட்டு வந்துடுறேன் சார்" என்றார் கூட வந்திருந்த சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் அந்தோணி. ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"வுடாதீங்க. பத்து நாள் உங்க கண்ணு முன்னாடி இருக்கணும். வெறி இருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். தின்னுதா, நடக்குதா, மாத்தம் ஏதாவது தெரியுதான்னு பாருங்க. அது நல்லா இருந்தாலும் இவங்க ஊசியை நிறுத்தக்கூடாது."

"பத்து நாளுதான். பதினோராவது நாள் ஆட்டோவுல ஏத்திடுவேன்" என்று அந்தோணி மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

சம்பூர்ணத்துக்குக் கையில் கட்டு. அதனால் சோறு வைக்கிற வேலை அந்தோணி தலையில் விழுந்தது. அவரோ வாய் ஓயாதவர். குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் தட்டில் சாப்பிட்டபடியே, சில்லறை தராத பயணிகளைத் திட்டுவார். குழியை எட்டிப் பார்க்கமாட்டார். ரோசியின் தட்டைக் குழியிலிருந்து தினம் ஒரு முழம் தள்ளி வைப்பார். நாலாம் நாள் மூக்கு தெரிந்தது. ஏழாம் நாள் முழு நாயும் வெளியே வந்து, அவருடைய செருப்பைக் கடித்துக் குதறியது.

"சீக்கிரம் பத்து நாள் முடியக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கினே இருந்தேன்மா" என்றார் சம்பூர்ணம்.

பதினோராம் நாள் காலை அந்தோணி சொன்னபடியே ரோசியை ஆட்டோவில் ஏற்றினார். சம்பூர்ணம் வாசலில் நின்று அழுதிருக்கிறார்.

இந்த இடத்தில், அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தோணி உள்ளே வந்துவிட்டார்.

"ஊசியாவது போட்டுட்டு வுடலாம்னுதாம்மா மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மேஜை மேல ஏத்துனேன். வெடவெடன்னு நடுங்கி, என் கக்கத்துல மூஞ்சியப் பொதைச்சிக்கிச்சி. கடிச்ச நாயிம்மா அது! எங்கிட்ட வந்து ஒளியுது. அப்புறம் எங்கேர்ந்து வுடுறது?"

குரல் உடைந்ததை மறைக்க இருமினார். தடுப்பூசி முழுசாக வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை தெருநாய்களோடு விடாதே என்று டாக்டர் சொன்னாராம். அடுத்தடுத்த ஊசிகள் போட்டாயிற்று. அடுத்த மாதம் கருத்தடை. இன்றைக்கும் ஹாரன் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிடுகிறது.

நான் என் காகிதத்தில் முதல் வரியை அடித்தேன்.

"கடிச்சதையும் போடலாமாண்ணே?"

"போடும்மா. யார் மேல தப்புன்னும் போடு. பத்து நாள் கூட உக்காந்து சோறு துன்னச் சொல்லு. அதுக்கப்புறமும் வுடுறவன் வுடட்டும், பாக்கலாம்."