மூக்குக் குழாயும் ஐந்து கிலோ சிலிண்டரும்

என் பெயர் லிங்கம். பிறந்தது வள்ளியூர்ப் பக்கம், பிழைப்பு திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில். நாற்பது வருடம் புரோட்டா மாஸ்டராக இருந்தேன். கல்லின் முன்னால் நின்று அடுப்புப் புகையைக் குடித்தேன், அது போதாதென்று கொல்லைப்புறம் போய்ப் பீடிப் புகையையும் குடித்தேன். ஒரு மனிதனின் நெஞ்சுக்கு இரண்டு வேலை கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? போன மழைக்காலத்தில் சளியும் காய்ச்சலும் சேர்ந்து வந்ததில் நெஞ்சு கையை விரித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பீடியை விட்டேன். மன உறுதி என்று யாரும் பாராட்ட வேண்டாம். இழுக்க மூச்சே இல்லாதவன் பீடியை எதைக்கொண்டு இழுப்பான்?

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு மெஷின் ஏற்பாடு செய்தார். அறைக்காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குத் தருவது. தீராத சீக்குக்காரர்களை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ்காரர்கள் இரவலாகக் கொடுத்தார்கள். இது தற்காலிகம்தான் என்றார் டாக்டர். சீக்கு முற்றியிருக்கும்போது எடுத்த அளவை வைத்து முடிவு சொல்லக்கூடாதாம். மூன்று மாதம் கழித்து, உடம்பு நிதானப்பட்ட பிறகு, குழாய் இல்லாமல் சும்மா உட்கார வைத்து மணிக்கட்டு ரத்தத்தைப் பார்ப்பார்களாம். ஆக்சிஜன் அளவு ஐம்பத்தைந்தோ அதற்குக் கீழோ இருந்தால் மெஷின் நிரந்தரம். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்து, இருதயம் வீங்கியோ ரத்தம் கட்டிப்பட்டோ இருந்தாலும் அப்படித்தான். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மெஷினை வைக்க வந்தவள் ஆர்ஷா. பாறசாலைக்காரி, பாலியேட்டிவ் நர்ஸ். எங்கள் வீடு ஒரே அறை. கட்டில், பீரோ, ஐந்து கிலோ கேஸ் சிலிண்டரின் தலையில் பர்னர் வைத்த அடுப்பு, அதற்கு மேல் சாமிப்படம். அவள் கட்டிலிலிருந்து அடுப்புக்குக் கண்ணாலேயே அளவெடுத்தாள்.

"மாமா, தீயும் இதுவும் மூணு மீற்றராவது தள்ளி மாறி இருக்கணும், கேட்டியளா? அடுப்பு, விளக்கு, சாம்பிராணி, கொசுவர்த்தி ஒண்ணும் இங்க வேண்டா. பீடிக்காரன் ஒருத்தனையும் வீட்டுக்கு அகத்து கேத்தவும் கூடாது."

அறையின் மொத்த நீளமே மூன்று மீட்டர் வராது. என் மனைவி பேச்சி முந்தானையைச் செருகினாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சந்தில் வைத்தாள். அங்கே கூரை கிடையாது. மழை வந்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி.

நானோ உள்ளே மகாராஜா. மெஷினைப் பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்தார்கள். ஓட்டலில் என்னிடம் வேலை பார்த்த பயல்கள்கூட வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மூக்கு உலர்ந்து எரிகிறது என்று தைலத்தை எடுத்துத் தடவப் போனேன், ஆர்ஷா அதையும் பிடுங்கினாள். எண்ணெய்ப் பிசுக்கு, வாசலின் எல்லாம் மூக்குப் பக்கமே வரக்கூடாதாம், தண்ணீரில் கரையும் கிரீம்தான் போட வேண்டுமாம். மூச்சு முட்டும்போது நானாகத் திருகிக் கூட்டக்கூடாது என்றும் சொன்னாள். டாக்டர் வைத்த அளவு வைத்தபடி இருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. பேச்சி காய்கறி வெட்டும் வேலைக்குப் போயிருந்தாள். நனைந்துகொண்டு வந்து, நனைந்துகொண்டே சோறாக்குவாளே என்று எனக்குப் பெண்டாட்டி பாசம் பொங்கியது. நாற்பது வருடத்தில் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வந்தது பாருங்கள் புத்தி. அடுப்பை உள்ளே தூக்கி வந்தேன். தூக்கியதில் மூச்சு வாங்கியது. வாங்கவே, கட்டிலில் உட்கார்ந்து குழாயை மாட்டிக்கொண்டேன். காலடியில் அடுப்பு, மூக்கில் ஆக்சிஜன், கையில் தீப்பெட்டி. குழாய் மூக்கில்தானே இருக்கிறது, தீ கீழேதானே எரியப்போகிறது என்பது மாஸ்டரின் கணக்கு.

குச்சியை எடுத்த நேரம் ஆர்ஷா வாசலில் நின்றாள். அவள் கையை நீட்டினாள்.

"மாமா, தீப்பெட்டிய இங்க தாங்க."

கொடுத்தேன். சிலிண்டரைத் தூக்கிச் சந்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஆக்சிஜன் தானா எரியாது மாமா. எரியற சாமானைப் படக்குன்னு ஆளிப் பத்த வைக்கும். உங்க சட்டையிலயும் போர்வையிலயும் அது கேறி இருக்கு. மெஷினை ஆஃப் செஞ்சாலும் அரை மணிக்கூர் நேரம் தீப்பக்கம் போகப்பிடாது. குழாயைக் கழத்தினா ஆஃப் செய்யணும், மெத்தையில ஓட விட்டுப் போடப்பிடாது. முகம் வெந்து வந்தவங்கள நான் கண்டிருக்கேன்."

பேச்சி வந்து கேட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நாப்பது வருசம் கல்லு முன்னால நின்ன மனுசன். அடுப்ப எங்க வைக்கணும்னு தெரியல."

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். மெஷின் போனால்தான் அடுப்பு உள்ளே வரும், அடுப்பு வந்தால்தான் அவள் மழைக்குத் தப்புவாள். ஆகவே பரீட்சையில் நான் ஐம்பத்தைந்துக்கு மேல் வாங்கியே தீர வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அறுபத்தாறு வயதில் படிப்பில் வெறி வந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் பேச்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார். நான் தோளைத் தூக்கித் தூக்கி, ஊரில் உள்ள காற்றையெல்லாம் இழுத்தேன். தொண்ணூற்றிரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் என் தோளைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், "கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க" என்றார். துருத்தி எவ்வளவு நேரம் ஊதும்? தலை சுற்றியது, விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண்பத்தேழு. அப்புறம், கிளிப்புக் கணக்கு வேறு, ரத்தக் கணக்கு வேறு என்று சொல்லி மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஐம்பத்துநான்கு.

"ரெண்டு மார்க்கு தான டாக்டர், பாத்துப் போடுங்க" என்றேன். அவர் சிரித்தார். இந்தப் பரீட்சையில் மார்க்குப் போடுவது ரத்தம், தான் இல்லை என்றார். தினம் பதினைந்து மணி நேரமாவது மாட்டினால்தான் பலன், ஆயுளும் கூடும் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவ மழையில நின்னு சமைக்கா டாக்டர். என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. மெஷின எடுத்துக்கிடுங்க."

பேச்சி என் பக்கம் திரும்பினாள்.

"மழையில நிக்கறது எனக்கு ஒரு பாடா? இது வாறதுக்கு முன்னால எத்தன வருசம், ராத்திரி உங்க மூக்குல கைய வச்சுக்கிட்டே கெடந்தேன் தெரியுமா? கைய எடுத்தா மூச்சு நின்னுருமோன்னு பயம். இப்ப அந்த மெஷின் சத்தம் ஓடுது, நீங்க இருக்கியன்னு தெரியுது. இந்த மூணு மாசமாத்தான் நான் தூங்குதேன். அதயும் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லுதியளா?"

எனக்கு இது தெரியாது. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பெல்லாம் வேலைக் களைப்பு என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறேன். ஓட்டலில் எந்த மேஜையில் யார் எத்தனை புரோட்டா கேட்டான் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லுவேன். பக்கத்தில் படுத்தவள் தூங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மட்டும் துப்பில்லை.

டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கினார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "டாக்டர், அந்தப் பதினஞ்சு மணி நேரத்துல ராத்திரி முழுக்க வருமா?"

"ராத்திரிதான் முக்கியமா வேணும்" என்றார்.

"அப்ப எழுதுங்க" என்றேன்.