முப்பது மீட்டர் ஒயர்

பாம்பனில் நான் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தபோது நடந்தது. வள்ளக்காரர்கள் ஜி.பி.எஸ். வாங்கத் தொடங்கியிருந்த சமயம். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பிவிடலாம், அதற்குப் பேட்டரி வேண்டாம். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் அந்த ஒரே பேட்டரிதான் கதி. காலையில் கரை சேர்ந்ததும் அதைத் தலையில் சுமந்துகொண்டு என் கடைக்கு வருவார்கள். சாயங்காலத்துக்குள் சுமந்துகொண்டு போவார்கள்.

மச்சானுக்கு, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரருக்கு, அப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பேட்டரியைத் தூக்கவே முடியவில்லை. தொழிலுக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. அவருடைய வள்ளம் நிற்கும் இடம் கடைக்கு எதிரேதான். பேட்டரி வள்ளத்திலேயே இருக்கட்டும், கடையிலிருந்து ஒயர் இழுத்துவிடுகிறேன் என்று நானேதான் சொன்னேன். பெரிய மேதாவி.

சார்ஜரை வள்ளத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஈர மணலில் வீட்டுக் கரண்டை இழுக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. எனக்கும் பயம். அதனால் சார்ஜர் கடையிலேயே இருந்தது. அதிலிருந்து வரும் பன்னிரண்டு வோல்ட்டைத்தான் இழுத்தேன். ரேடியோ செட்காரர் ஸ்பீக்கருக்குப் போட்ட மெல்லிய ரெட்டை ஒயர் ஒரு சுருள் சும்மா கிடந்தது. முப்பது மீட்டர் இருக்கும். தொட்டால் ஷாக் அடிக்காத கரண்டுக்கு இது போதாதா என்று நினைத்தேன்.

சார்ஜரில் கரண்டு எவ்வளவு போகிறது என்று காட்டும் ஒரு முள் உண்டு. காலியான பேட்டரியை மாட்டினால் ஆறு ஆம்பியருக்கு ஏறும். பேட்டரி நிறைய நிறைய முள் இறங்கி ஒன்றுக்கு வரும். முள் ஒன்றில் நின்றால் பேட்டரி நிறைந்துவிட்டது, கழற்றிக் கொடு: வருஷக்கணக்காக எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். மச்சானின் பேட்டரிக்கு முள் ஆரம்பத்திலேயே ஒன்றை ஒட்டித்தான் நின்றது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத பேட்டரி, செலவே ஆகவில்லை போல என்று சந்தோஷப்பட்டேன். தினமும் சாயங்காலம் கழற்றிவிட்டு, "ஃபுல்லு மச்சான், போய்ட்டு வாங்க" என்றேன்.

நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. பழைய இருப்பில் ஓடியிருக்கிறது. ஐந்தாம் நாள் போன வள்ளம் விடிந்தும் வரவில்லை. காற்று மாறி அடித்ததாம், நடுக்கடலில் முதலில் ஜி.பி.எஸ். அணைந்ததாம், பிறகு வயர்லெஸ், பிறகு விளக்கு. எஞ்சின் நன்றாக ஓடியிருக்கிறது; எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் தெரியவில்லை. எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அக்கா கரையில் உட்கார்ந்து அழுததுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அதே ஒயரில் வேறொரு வள்ளத்தின் பேட்டரியை மாட்டினேன். சுத்தமாகக் காலியான பேட்டரி. முள் ஒன்றைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. மீட்டரை எடுத்துக் கடையில் பார்த்தேன், பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஓடிப்போய் வள்ளத்தில் பார்த்தேன், பன்னிரண்டரைகூட இல்லை. மிச்சத்தை வழியிலேயே ஒயர் தின்றிருந்தது. அதே பேட்டரியைக் கடைக்குத் தூக்கி வந்து, இரண்டடி நீளத் தடித்த ஒயரில் மாட்டினேன். முள் ஆறுக்குத் துள்ளியது. போக முப்பது, வர முப்பது, நூல் மாதிரி செம்பு; அதற்குள் எவ்வளவு கரண்டு போகும்? பேட்டரி நிறைந்ததால் முள் இறங்கவில்லை. கரண்டுக்கு வழியே இல்லாமல் இறங்கியிருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன ஒயரைத் துண்டு துண்டாக வெட்டினேன். வெட்டி என்ன செய்ய?

மச்சான் ஐந்து மாதம் கழித்து வந்தார். வள்ளம் வரவில்லை, வரவும் வராது என்று ஆகிவிட்டது. இப்போது அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார், இடுப்பு வலியோடு. பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போகத் துப்பில்லாத மனுஷன் என்று அக்கா அவரைத் திட்டாத நாள் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார்.

தாங்க முடியாமல் ஒருநாள் அவரைக் கரைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளைப் பற்றி, ஒயரைப் பற்றி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும் மாப்ள. தலையில செமந்தப்பெல்லாம் நின்ன பேட்டரி, ஒயரு வந்த பெறகுதான படுத்துச்சு. அங்கன ஜெயில்ல கெடக்கையிலயே யோசிச்சுப் பாத்துட்டேன்."

அக்காவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லிராத. அவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒன்னய விட்டா ஆரு இருக்கா? என்னயவே வையட்டும்."

அன்று ராத்திரியும் அக்கா அவரைத் திட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.