பெயர் போன பின் வந்த பழி

செல்வகுமாரியின் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவள் தலையில் அந்தப் பழி வந்து விழுந்தது. பாகூர் ஏரித் தண்ணீரை முறை வைத்து விடும் பச்சையப்பன் அவள் வாய்க்காலை அடைத்துவிட்டார். கேட்டால், ஊர்க் குழுவில் எழுதியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள், அப்புறம் தண்ணீர் என்றார். என்ன எழுதினாள்? ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதாததற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

தண்ணீர் முறையை அறிவிக்க உரக்கடை ரஷீத் ஆரம்பித்த டெலிகிராம் குழு அது. செல்வகுமாரியும் அதில் இருந்தாள். தெரியாத கழிசடைகள் கண்ட படத்தையும் அனுப்பித் தொல்லை கொடுத்ததால், பொங்கல் முடிந்த கையோடு மகள் மணிபாரதி அவள் கணக்கை அடியோடு அழித்துவிட்டாள். சனியன் விட்டது என்று இருந்தாள் செல்வகுமாரி. அவள் எழுதியிருந்ததெல்லாம் குழுவில் அப்படியே நின்றது. பெயரும் படமும் மட்டும் போய், ஒவ்வொன்றின் மேலும் ‘டெலிட்டட் அக்கவுன்ட்’ என்ற பெயரும் ஒரு சாம்பல் நிறப் பேய்ப் பொம்மையும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஊரில் பாதிப் பேர் அதையே அவளுடைய புதுப்பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

மாசிக் கடைசியில் அதே பேய்ப் பொம்மையின் கீழே ஒரு பதிவு இருந்தது. பச்சையப்பன் தன் மருமகன் நிலத்துக்குத் திருட்டுத்தனமாக மதகு திறக்கிறார், மற்றவன் பயிர் காயட்டும் என்கிறார் என்று. பச்சையப்பன் அதைப் பார்த்தபோது மேலே ‘டெலிட்டட் அக்கவுன்ட்’. அவ்வளவுதான், செல்வகுமாரிதான் என்று முடிவு கட்டியாயிற்று. ஒருத்தராவது அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? கேட்கவில்லை. தனியாக விவசாயம் பார்க்கிற பொம்பளை, வாய் கொஞ்சம் நீளம், அது போதாதா!

ஐந்தாம் நாள் வயலின் மேற்கு ஓரம் வெடித்துக் கிடந்தது. செல்வகுமாரி மகளையும் இழுத்துக்கொண்டு நேரே ரஷீத் கடைக்கு வந்தாள். பச்சையப்பன் அங்கேதான் இருந்தார். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தணிகைவேல், அவனும் அந்தக் குழுவில் இருந்தவன்தான், இவளைப் பார்த்ததும், பொம்பளைக்கு இவ்வளவு நாக்கு ஆகாது என்று ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“ரஷீத்து, குரூப்ப தொற. நான் எப்போ போனேன்னு நீயே எழுதியிருக்கியே, அத எல்லாருக்கும் படி.”

ரஷீத் போனை மேலே தள்ளிக்கொண்டே போனான். ஜனவரி பதினெட்டு. அவனே எழுதியது: செல்வகுமாரி அக்கா கணக்கை அழித்துவிட்டார்கள், டெலிட்டட் என்று காட்டுவது அவர்கள்தான், இனி அவர்கள் முறையை நானே போனில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஊரே அவளை அடையாளம் பிடித்திருந்தது. அதிலிருந்த தேதியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பழிப் பதிவோ மார்ச் எட்டு.

அழித்த கணக்கிலிருந்து யாரும் எழுத முடியாது என்றாள் மணிபாரதி. எழுதிய பிறகு கணக்கை அழித்தாலும் இதே பெயர், இதே பொம்மைதான் வரும். உறுப்பினர் பட்டியலைத் திறங்கள் என்றாள்.

திறந்தார்கள். பேய்ப் பொம்மை ஒன்றில்லை, இரண்டு இருந்தன. மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். ரஷீத் மீதி முப்பத்தாறு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தான். பச்சையப்பன் பெயர் வந்தது, ரஷீத் பெயர் வந்தது. தணிகைவேல் பெயர் வரவில்லை.

தணிகைவேல் டீ கிளாசைக் கீழே வைத்தான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதனால் போயிருக்கும் என்று முனகினான். போன் நனைந்தால் கணக்கு அழியாது என்றாள் மணிபாரதி. அவன் மூட்டையிலிருந்து இறங்கி வெளியே நடந்தான்.

செல்வகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து நாள்! தேதியைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? ரஷீத் வெட்கப்பட்டு, அந்தப் பழிப் பதிவை இப்போதே எடுத்துவிடுகிறேன் அக்கா என்றான்.

“எடுக்காத. எடுத்தா பழி என் பேர்லயே நின்னுபூடும். அதுக்குக் கீழயே எழுது, இத எழுதுனது யாருன்னு.”

அவன் எழுதி அனுப்பும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பச்சையப்பன் அதற்குள் மதகுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

தண்ணீர் அன்றைக்கே வந்தது. ஆனால் பால் வற்றிய கதிருக்குத் தண்ணீர் என்ன செய்யும்? மேற்கு ஓரம் முழுக்க வெளுத்து நின்றது. அறுவடையன்று பச்சையப்பன் வரப்பில் வந்து நின்று, தெரியாமல் செய்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். செல்வகுமாரி ஒரு கதிரை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அத்தனையும் பதர்.

“குரூப்புல என் பேரு அழிஞ்சிபூட்டுச்சிண்ணே. இந்தப் பதர மட்டும் என் பேர்லதான எழுதியிருக்கீங்க.”

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.